காசு வந்துவிடும், பேர்தான் மாறாது

முப்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் பணம் சேர்ப்பதுதான் பெரும்பாடு. யார் வருகிறார்கள் என்பது கடைசி நிமிஷம் வரை மாறலாம், அதைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதில்லை. இன்றைக்குப் பணம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து விழுகிறது. யார் வருகிறார்கள் என்பதைத்தான் இரண்டு மாதம் முன்பே முடிவு செய்தாக வேண்டும், முடிவு செய்தபின் மாற்றுவது அவ்வளவு எளிதில்லை. இந்தத் தலைகீழ் மாற்றத்தை இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் நான். ஐம்பது பேருக்காக ஒருவர் பணம் கட்டும் எந்த ஏற்பாட்டிலும் நடப்பது இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பள்ளியில் சுற்றுலாப் பொறுப்பு கணக்கு சாரிடம் இருந்தது. தென்காசிப் பக்கத்துக் கிராமம். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறவர். சனிக்கிழமை பீடிக்கடையில் கூலி போட்டால்தான் வீட்டில் காசு புரளும். அதனால் சார் சுற்றுலாப் பணத்தைத் திங்கட்கிழமைதான் வாங்குவார். பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு பிள்ளை. தேதி, தொகை, கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து. பிள்ளை கொண்டுவந்தால் பிள்ளை கையெழுத்து, அம்மா வந்தால் அம்மா கைநாட்டு.

“இந்த வாரம் கூலி போடல சார், அடுத்த வாரம் சேத்துத் தாரேன்” என்று ஒரு அம்மா சொன்னால் அதையும் அந்தப் பக்கத்தில் எழுதிவைப்பார். ஆடியில் தொடங்கினால் தை மாதம் வரை இது நடக்கும். பேருந்து ஒன்றுதான். பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம், கன்னியாகுமரி, அடுத்த நாள் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை. பேருந்துக்காரருக்குத் தெரியவேண்டியது கிளம்பும் தேதி மட்டும்தான். யார் ஏறுகிறார்கள் என்று அவர் கேட்டதே கிடையாது. விடியற்காலையில் பள்ளி வாசலில் பணத்தோடு வந்து நிற்கிற பையனுக்கும் இடம் உண்டு. இருவர் உட்காரும் இருக்கையில் சின்னப் பிள்ளைகள் மூவரை உட்கார வைப்பார்கள். கடைசி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால் அந்த இடத்தில் வேறொரு பிள்ளை ஏறிக்கொள்ளும். நோட்டில் ஒரு பக்கத்தை அடித்து இன்னொரு பக்கம் எழுதுவதோடு அந்த மாற்றம் முடிந்தது.

சார் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்று உண்டு. “டீச்சர், செலவை ரெண்டாப் பிரிங்க. ஆள் வந்தா மட்டும் ஆகுற செலவு ஒண்ணு. ஆள் வந்தாலும் வராட்டாலும் ஆகுற செலவு ஒண்ணு. ரெண்டாவதைத்தான் நாம பார்த்து வகுக்கணும்.” சாப்பாடும் நுழைவுச்சீட்டும் முதல் வகை. பேருந்து வாடகை இரண்டாவது வகை. பொறுப்பு என் கைக்கு வந்த பிறகு ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கில்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

அண்மையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைக்குக் கூட்டிப்போனோம். போக வரப் பொதிகை எக்ஸ்பிரஸ். அங்கே இரண்டு நாளைக்கு ஒரு பேருந்து. அந்தப் பேருந்தில் 52 இருக்கை. ஆசிரியர் நான்கு பேர் போக 48 பிள்ளைகளுக்கு இடம். தலைக்குச் செலவு, அதாவது ரயில், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து, 1,400 ரூபாய் வந்தது. ஆள் கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவு பேருந்து வாடகையும் நான்கு ஆசிரியர்களின் செலவும். அது 40,000 ரூபாய்.

இந்த நாற்பதாயிரத்தை எத்தனையால் வகுப்பது? நாற்பத்தெட்டால் வகுத்தால் தலைக்கு 834 ரூபாய்க்குள் முடியும். சுற்றுலா நோட்டீஸில் 2,234 ரூபாய் என்று போட்டால் பெற்றோருக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் ஆறு பேர் வராமல் போனால் பேருந்து வாடகையில் ஐயாயிரம் ரூபாய் துண்டு விழும். அதை யாரிடம் கேட்பது? கிளம்பிய பிறகு மீதிப் பிள்ளைகளிடம் கூடுதலாகக் கேட்க முடியாது. வராத பிள்ளையின் பெற்றோரிடம் பிடித்துக்கொண்டால் சண்டை வரும், சண்டையில் நியாயம் அவர்கள் பக்கமும் கொஞ்சம் இருக்கும். அதனால் சார் வழியில் நாற்பதால் வகுத்தேன். எப்படிக் குறைந்தாலும் நாற்பது பேர் வருவார்கள் என்று வகுப்பாசிரியர்கள் மூவரும் பெயர் பெயராகப் பார்த்துச் சொன்ன எண்ணிக்கை அது. தலைக்கு 1,000. ஆக மொத்தம் 2,400 ரூபாய். நாற்பதுக்கு மேல் வருகிற ஒவ்வொரு பிள்ளையாலும் ஆயிரம் ரூபாய் மிஞ்சும், மிஞ்சியதைப் பிரித்துத் திருப்பித் தருவோம் என்று நோட்டீஸிலேயே எழுதினேன். திருப்பித் தருவதாக எழுதியிருந்ததால் தொகை ஏன் கூடுதல் என்று ஒரு பெற்றோரும் கேட்கவில்லை.

பணத்தை யார் கணக்கில் வாங்குவது என்பதும் யோசிக்க வேண்டியது. ஒரு லட்சத்துக்கு மேல் போகும் தொகையைத் தன் சொந்தக் கணக்கில் எந்த ஆசிரியரும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வாங்குகிறவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் வீட்டுச் செலவும் பிள்ளைகள் பணமும் ஒரே வரிசையில் வந்துவிடும், பிறகு யாருக்கும் விளக்க முடியாது. எங்களுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கணக்கு இருந்தது. அதில்தான் வாங்கினோம்.

இப்போது பீடி சுற்றும் அம்மாவின் கையிலும் போன் இருக்கிறது. நோட்டீஸ் போன அன்று மாலையே பணம் வரத் தொடங்கியது. வந்த பணத்தைப் பார்த்தால் ஆயிரம், ஆயிரம், ஆயிரம் என்று ஒரே தொகை. அனுப்பியவர் பெயர் அப்பா பெயராக இருக்கலாம், மாமா பெயராக இருக்கலாம், பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரர் பெயராகவும் இருக்கலாம். கையில் ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு அவர் போனிலிருந்து அனுப்பச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. குறிப்பு எழுதும் இடம் செயலியில் இருக்கிறது, ஆனால் அதில் யாரும் பிள்ளை பெயரை எழுதுவதில்லை. மாரியப்பன் என்ற பெயரில் மூன்று பேரிடமிருந்து பணம் வந்தால் அது எந்த மூன்று பிள்ளைக்கு? பணம் முழுவதும் வந்து சேர்ந்திருக்கும், ஆனால் பட்டியலில் ஒரு பெயருக்கு நேராகவும் குறி போட முடியாது. கணக்கு சாரின் நோட்டில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஐந்து ரூபாய் கொடுத்தவரும் எதிரே நின்று கையெழுத்துப் போட்டார்.

இதற்கு நான் செய்யும் ஏற்பாடு சுலபமானது. ஒப்புதல் கடிதம் கொடுத்தவுடன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சுற்றுலா எண் தருவேன். பணம் அனுப்பும்போது அந்த எண்ணைத் தொகையோடு கூட்டி அனுப்ப வேண்டும். 17ஆம் எண் பிள்ளைக்கு முதல் தவணை 1,017 ரூபாய், இரண்டாவது தவணை 1,417 ரூபாய். யார் போனிலிருந்து வந்தாலும் கடைசி இரண்டு இலக்கம் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும். கூடுதலாக வந்த 34 ரூபாயைக் கடைசிக் கணக்கில் சேர்த்துத் திருப்பித் தந்துவிடலாம். ரொக்கமாகக் கொடுப்பவர்களுக்கும் அதே தொகை, ரசீதில் அதே எண்.

வாட்ஸப்பில் வருகிற ஸ்கிரீன்ஷாட்டை வைத்துப் பட்டியலில் குறி போடக் கூடாது. பரிமாற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் படத்தையும் முடிந்துவிட்டது என்று காட்டும் படத்தையும் அவசரத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு. வங்கிக் கணக்குத் தாளில் அந்த எண்ணைக் கண்ட பிறகுதான் என் பட்டியலில் பணம் வந்தது என்று எழுதுவேன். வாரம் ஒருமுறை உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை. இரண்டு மாதத்துக்குச் சேர்த்து உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும்.

ரயில் பக்கம்தான் உண்மையான சிரமம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. நாள் குறைந்தது எங்களைப் போன்றவர்களுக்கு நல்லதே. நாலு மாதம் கழித்துத் தன் மகள் வருவாளா என்று எந்த அம்மாவால் சொல்ல முடியும்? அறுபது நாள் என்றாலும் நீண்ட காலம்தான், ஆனால் அதற்குமேல் தாமதித்தால் மொத்தமாக இடம் கிடைக்காது. கல்விச் சுற்றுலாவுக்கு மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. 2020 மார்ச்சில் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது தப்பியது. அதை வாங்கத் தலைமையாசிரியர் கடிதமும் பிள்ளைகள் பட்டியலும் வேண்டும். இணையத்தில் முடியாது, முன்பதிவுக் கவுண்டரில்தான்.

ஒரு படிவத்தில் ஆறு பெயர்தான் எழுதலாம். ஆக 48 பிள்ளைகளுக்கு எட்டுப் படிவம், எட்டு பிஎன்ஆர். ஆசிரியர் நால்வருக்குத் தனியாக ஒன்று. இந்த எட்டை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் பாதி நிர்வாகம் இருக்கிறது. வருகைப் பதிவேட்டின் வரிசையில் மேலிருந்து ஆறாறாக எழுதிவிட்டால் எழுதும்போது வேகமாக முடியும், பிறகு ரயிலில் இடம் மாற்றி மாற்றியே இரவு போய்விடும். பெண்பிள்ளைகள் தனிப் படிவங்கள், பையன்கள் தனிப் படிவங்கள். ஒரு படிவத்தில் உள்ள ஆறு பேருக்கு இடம் இருந்தால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையாகக் கிடைக்கும். வருவார்களா என்று கொஞ்சம் சந்தேகம் உள்ள பிள்ளைகளை நான் ஒரே படிவத்தில் சேர்த்து எழுதுவேன். ஆறில் ஒருவரை ரத்து செய்தால் மீதிப் பேருக்குத் திருத்திய பயணச்சீட்டு வாங்க வேண்டும். சந்தேகப் பேர்களை எட்டுச் சீட்டிலும் தூவிவிட்டால் எட்டையும் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு அலைய வேண்டிவரும்.

ஒவ்வொரு சீட்டிலும் ஒருவராவது அசல் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். புகைப்படம் ஒட்டிய பள்ளி அடையாள அட்டை போதும். அந்த ஒருவரையே ஆறு பேருக்கும் தலைவராக்கிவிடுவேன். சீட்டின் நகல் தலைவர் கையில், அசல் என் கையில். கவுண்டரில் வாங்கிய சீட்டுக்கு அசல் தாள்தான் எல்லாம். அதைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. இரவில் பரிசோதகர் வரும்போது நான் தாள்களோடு நிற்பேன், அட்டையை அந்தந்தத் தலைவர் காட்டுவார். எழும்பூரில் இறங்கியதும் ஐம்பது தலையை எண்ணுவதற்குப் பதில் எட்டுத் தலைவர்களைக் கேட்டால் போதும்.

சரி, பேர் மாறினால்? இதற்கு ரயில்வேயில் ஒரு விதி இருக்கிறது. மாணவர் குழு, திருமணக் குழு, தேசிய மாணவர் படைக் குழு என்று மொத்தமாகப் போகிறவர்களுக்கான விதி. ரயில் கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன் தலைமையாசிரியர் எழுத்தில் கேட்டால், ஒரு மாணவரின் இடத்தை அதே பள்ளியின் இன்னொரு மாணவருக்கு மாற்றித் தருவார்கள். ஒரே ஒரு முறைதான் கேட்கலாம். மொத்தத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் மாற்ற முடியாது. இந்த விதி தெரியாமல் பிள்ளைகளின் இடங்களை ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்கக் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிற பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே முறை என்பதால் ஒவ்வொரு பெற்றோரும் வந்து சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் ஒரு தேதியைப் “பேர் முடியும் நாள்” என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தேன். அதுவரை வருகிற மாற்றங்களை எல்லாம் சேர்த்துவைத்து ஒரே கடிதம். போகும் பயணமும் திரும்பும் பயணமும் தனித்தனி முன்பதிவு என்பதால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பட்டியல் இணைக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால் பிள்ளை சென்னைக்குப் போய்ச் சேரும், திரும்ப வர அதன் பெயரில் இடம் இருக்காது.

அந்த நாளுக்குள் ஆறு பேர் வரவில்லை என்றார்கள். ஒரு குடும்பம் வேலை தேடித் திருப்பூருக்கே போய்விட்டது. ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்திருந்தாள், வீட்டில் அனுப்ப மாட்டேன் என்றார்கள். நான் நேரில் போய்ப் பேசியும் நடக்கவில்லை. மற்றவர்களுக்குக் காய்ச்சலும் வீட்டு விசேஷமும். நவம்பரில் பணம் புரட்ட முடியாமல் பின்வாங்கிய ஏழு பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஆறு இடம் காலி, ஏழு பேர் தயார், பணமும் இப்போது கையில் இருக்கிறது. ஆனால் நாற்பத்தெட்டில் பத்து சதவீதம் ஐந்துகூட ஆகாது. நாலு பேரைத்தான் மாற்ற முடியும்.

பையன் இடத்துக்குப் பையன், பெண் இடத்துக்குப் பெண் என்று நாலு பேரை மாற்றினோம். மீதி மூன்று பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. “பஸ்ல இடம் இருக்குல்லா டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான். இருந்தது. சென்னையில் இரண்டு நாளும் அந்த இரண்டு இருக்கை காலியாகவே ஓடின. விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. தளர்த்தினால் தரகர்கள் பள்ளிப் பெயரில் இடம் பிடித்து விற்பார்கள். ஆனாலும் அதே பள்ளிப் பிள்ளை, அதே தலைமையாசிரியர் கையெழுத்து, காலியாகப் போகும் படுக்கை என்று இருக்கும்போது பத்து சதவீதம் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளில் எட்டுக்கு ஒன்று இரண்டு மாதத்தில் மனம் மாறுவது இயல்பு. அது மனம் மாறுவதுகூட இல்லை, வீட்டு நிலைமை மாறுவது.

இடம் மாறும்போது பணத்தை நேரடியாகக் கைமாற்றிக்கொள்ள விடக் கூடாது. விலகுகிற பிள்ளையின் அப்பா வருகிற பிள்ளையின் அப்பாவிடம் “நான் கட்டினதைத் தந்துடுங்க” என்று வாங்கிக்கொண்டால் நம் பட்டியலில் போன பெயர் பணம் கட்டியதாகவும் வந்த பெயர் கட்டாததாகவும் நிற்கும். வருகிறவர் கழகக் கணக்குக்குத் தன் சுற்றுலா எண்ணோடு முழுத்தொகை அனுப்ப வேண்டும். விலகுகிறவருக்கு அதே கணக்கிலிருந்து முழுத்தொகை போகும். நாலு பேருக்கும் அப்படியே செய்தோம்.

மாற்ற முடியாத இருவரின் இடத்தை ரத்து செய்தோம். நாங்கள் போனபோது படுக்கை வகுப்பில் ஒரு ஆளுக்கு ஒரு பயணத்துக்கு 120 ரூபாய் பிடித்தம். போக வர 240. சலுகைக் கட்டணத்தில் வாங்கிய சீட்டில் இது பெரிய பங்கு, மிச்சம் கொஞ்சம்தான் வரும். அந்தப் பணமும் சீட்டு வாங்கியவரிடம்தான் வரும், பெற்றோரிடம் போகாது. எந்தப் பிள்ளைக்கு வந்த பணம் என்று உடனே எழுதிவைக்க வேண்டும். சாப்பாட்டுக்காரரிடமும் தங்குமிடத்திலும் முன்பே பேசி, கடைசி எண்ணிக்கையைப் பேர் முடிந்த மறுநாள் சொல்வதாக வைத்திருந்தோம். அதனால் அங்கே நஷ்டமில்லை. நாங்கள் பார்க்கப் போன மாமல்லபுரத்தில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் சிலர் பதினைந்தைத் தாண்டியிருப்பார்கள். பட்டியலில் பிறந்த தேதியும் இருந்ததால் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த இருவருக்கும் பேருந்துப் பங்கான ஆயிரத்தைப் பிடிக்க வேண்டுமா என்ற கேள்வி வந்தது. உடன் வந்த ஆசிரியர் ஒருவர் பிடிக்கத்தான் வேண்டும் என்றார். பேருந்து அவர்களுக்கும் சேர்த்துத்தானே பேசியது? நாற்பத்தெட்டால் வகுத்திருந்தால் அவர் சொன்னதுதான் சரி. நாற்பதால் வகுத்ததால் பிடிக்கத் தேவையே எழவில்லை. பயணம் போன 46 பேரின் ஆயிரமே 46,000 ஆகிறது. பேருந்துக்கும் ஆசிரியர்களுக்கும் வேண்டியது 40,000தான். ஆகவே ரத்து செய்த இருவருக்கும் 240 ரூபாய் மட்டும் கழித்து ஆளுக்கு 2,160 ரூபாயும், எண்ணுக்காகக் கூட்டி அனுப்பியதும் திருப்பிக் கொடுத்தோம்.

மிஞ்சிய ஆறாயிரத்தை 46 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 130 ரூபாய். ஊர் திரும்பிய வாரத்திலேயே கணக்குத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ரயில், பேருந்து, சாப்பாடு, தங்கல், ரத்துக் கட்டணம், எல்லாவற்றுக்கும் ரசீது எண். பணத்தைப் பெற்றோர் கூட்டத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கமாகவே கொடுத்தோம். மளிகைக்கடைக்காரர் போனிலிருந்து வந்த பணத்தை அதே எண்ணுக்கு அனுப்பினால் அது கடைக்காரருக்குப் போய்விடும் அல்லவா? 17ஆம் எண் பிள்ளையின் அம்மா 130 ரூபாயும் 34 ரூபாயும் சேர்த்து 164 வாங்கினார். பிரித்தது போக இருபது ரூபாய் மிச்சம் நின்றது. அதற்கும் ஒரு ரசீது போட்டுக் கழகக் கணக்கில் சேர்த்தோம்.